இது யாருக்க வார்டு?

மூன்றாவது ஸ்லைடிலேயே பெரிய டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். "இது யாருக்க வார்டு?"

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எச்.ஆர். வேலை எனக்கு. அந்த வருடம்தான் முதல்முறையாகப் பணியாளர் சர்வே நடத்தினோம். 388 பேரில் 318 பேர் பதில் சொல்லியிருந்தார்கள், 82 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் 34 ஸ்லைடு தயார் செய்தேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு பெரிய கட்டம். இடது பக்கம் வார்டுகள், மேலே கேள்விகள், உள்ளே பச்சை, மஞ்சள், சிவப்பு. இன்சார்ஜ் பெயர் எதையும் நான் போடவில்லை. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு பெயரைச் சொன்னால் இன்சார்ஜ் சிஸ்டரின் பெயரைச் சொன்னதுபோலத்தான். ஒரு வரிசை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

பெரிய டாக்டர் போனை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் அந்த இன்சார்ஜ் சிஸ்டர் வந்து கதவோரம் நின்றார். கையில் மருந்து டிரே இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூட யாரும் சொல்லவில்லை. "உங்க பிள்ளைங்க உங்களப் பத்தி என்ன எழுதியிருக்காங்க, பாருங்க" என்றார் நிர்வாக அதிகாரி. சிஸ்டர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மீதி 31 ஸ்லைடை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கூத்து அதோடு முடியவில்லை. கடைசி ஸ்லைடுகளில் பணியாளர்கள் எழுதிய கருத்துகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன், நேர்மை என்று நினைத்து. அதில் ஒன்று: "எனக்க பிள்ளைக்க பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு ஒரு ஆஃப் கேட்டதுக்கு, தரல்ல." அந்த வார்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தது ஒருவருக்குத்தான். பேச்சு வழக்கும் விளவங்கோடு பக்கத்தது. பெயர் போடாத கருத்து, கையெழுத்துப் போட்டதுபோல ஆகிவிட்டது. மறு வாரமே அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் 380 பேரில் 271 பேர்தான் பதில் சொன்னார்கள். பதினோரு சதவீதம் எங்கே போனது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இரண்டாம் வருடத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். முடிவுகள் முதல் வருடத்தைவிட நன்றாக இல்லை. ஆனால் கூட்டம் வேறு மாதிரி நடந்தது.

முதலில் தவறு எங்கே என்று தேடினேன். வண்ணக் கட்டம் ஒரு தவறு, சரி. ஆனால் அதற்கும் முன்னால், கேள்வியிலேயே ஒரு கோளாறு இருந்தது. "என் இன்சார்ஜ் என்னை மரியாதையாகவும் நியாயமாகவும் நடத்துகிறார்" என்று கேட்டிருந்தேன். ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி. மரியாதை உண்டு, நியாயம் இல்லை என்று நினைக்கிறவர் 1 முதல் 5 வரை எந்த எண்ணில் டிக் செய்வார்? கோபத்தில் இருந்தால் 2 போடுவார். அந்த 2 யாருடைய தலையில் போய் விழும்? கேள்வியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தத் தலையில்.

இரண்டாம் வருடம் அதை உடைத்தேன். "என் இன்சார்ஜ் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்" தனி. "டூட்டியும் ஆஃபும் நியாயமாகப் பிரித்துத் தரப்படுகின்றன" தனி, அதில் இன்சார்ஜ் என்ற சொல்லே கிடையாது. நர்சிங் பிரிவில் பதில் சொன்னது 96 பேர். மரியாதைக்கு 4 அல்லது 5 போட்டவர்கள் 61 பேர், 64 சதவீதம். டூட்டி நியாயத்துக்கு 30 பேர், 31 சதவீதம். முதல் வருடம் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்து, ஒரு சிவப்புக் கட்டமாகி, ஒரு சிஸ்டரைக் கதவோரம் நிறுத்தியிருக்கின்றன. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள் மோசமாக இருந்தன. "டூட்டி லிஸ்ட் போதிய நாள் முன்பே தெரிகிறது": 22 பேர், 23 சதவீதம். "பிரச்சினையை மேலே சொன்னால் ஏதாவது நடக்கும்": 19 பேர், 20 சதவீதம்.

இந்த நான்கு எண்களை எடுத்துக்கொண்டு நான் மேலே போகவில்லை. முதலில் மேட்ரனிடம் போனேன். நர்சிங் பிரிவின் முடிவைக் கூட்டத்தில்தான் அவர் முதல்முறையாகப் பார்ப்பார் என்றால், அங்கே அவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது தவிர வேறு வேலை இருக்காது. தாளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மக்களே, இத நீ எப்பிடிக் காட்டப் போற?" என்று கேட்டார். எப்படிக் காட்டினால் உண்மையாக இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவர் மேசை டிராயரைத் திறந்து, ஒரு இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டை எடுத்தார்.

எந்தத் தேதியில், எந்த வார்டில், யாருடைய ஆஃப் ரத்தானது என்று அதில் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். யாரும் கேட்காத கணக்கு. மூன்று மாதத்தில் 211 ஆஃப் ரத்து. அதில் 158 மூன்றே வார்டுகளில். அந்த மூன்று வார்டிலும்தான் ஆள் அதிகமாகக் குறைந்திருந்தது. மொத்தம் 14 நர்ஸ் இடங்கள் காலி, 9 அங்கே. எங்கள் மாவட்டத்தில் நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களில் பலர் இரண்டு வருட அனுபவம் சேர்ந்ததும் வளைகுடா பக்கம் கிளம்பிவிடுவார்கள், அது புதிதல்ல. போனவரின் இடத்துக்கு ஆள் வரும்வரை இன்சார்ஜ் என்ன செய்வார்? யாருடைய ஆஃபையாவது வெட்டுவார். நாளைக்கு யாரை வெட்டுவது என்று அவருக்கே இன்று தெரியாது. அப்புறம் எங்கே லிஸ்ட்டை முன்கூட்டியே போடுவது?

சரி, ஆள் வர ஏன் தாமதம்? கடைசியாக நிரப்பிய 11 இடங்களின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒருவர் வேலையை விட்ட நாளிலிருந்து அடுத்தவர் சேரும் நாள்வரை சராசரியாக 38 நாள். அதற்கு மேல் புதியவர் வார்டு பழக இரண்டு வாரம். ராஜினாமா கடிதம் கொடுத்தபின் ஒரு மாத நோட்டீஸ் காலம் இருக்கிறதே, அந்த மாதத்தில் ஃபைல் என்ன செய்துகொண்டிருந்தது? ஒன்றும் செய்யவில்லை. ரிலீவிங் ஆர்டரின் நகல் இல்லாமல் புது ஆளுக்கான ஃபைலை நகர்த்தக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதியை எழுதியது என் துறை. நான் வருவதற்கு முன்பே எழுதியது என்றாலும், ஐந்து வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

வார்டில் இன்சார்ஜ் மேல் விழுந்த சிவப்பின் ஒரு முனை என் மேசையில் முடிந்தது. இதைக் கண்டுபிடித்தபோது வந்த முதல் எண்ணம், இந்த விதியைப் பற்றிப் பேசாமல் விட்டால் என்ன என்பதுதான். அதையும் எழுதிவிடுகிறேன். மேலே இருப்பவர்கள் தற்காப்பில் இறங்குகிறார்கள் என்று நாம் குறை சொல்கிறோம். எனக்கும் அந்தப் பத்து நிமிடம் அதேதான் நடந்தது.

கூட்டத்துக்கு முன்னால் சின்ன டாக்டரையும் நிதிப் பொறுப்பாளரையும் தனித்தனியாகப் பார்த்தேன், ஆளுக்கு இருபது நிமிடம். பெரிய டாக்டரின் மகள்தான் சின்ன டாக்டர், அன்றாட நிர்வாகம் அவர் கையில். எண்களைக் காட்டவில்லை. "முடிவு சில இடங்களில் வலிக்கும். சனிக்கிழமை ஒரு முடிவு கேட்கப் போகிறேன், பணம் சம்பந்தப்பட்டது" என்று மட்டும் சொன்னேன். நிதிப் பொறுப்பாளர் உடனே, "போன தடவ டிசம்பர்ல கேட்டிய. கிறிஸ்மஸுக்கு ஆஃப் கெடைக்காத நேரத்துல கேட்டா எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் இந்த வருடம் ஜூலையில் கேட்டோம் என்றேன். இந்த ஆட்சேபம் கூட்டத்தில் வருவதைவிட அவருடைய அறையில் வந்தது நல்லதாகப் போயிற்று. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அவர் அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்திருப்பார்.

சனிக்கிழமை மூன்று மணி, ஓ.பி. முடிந்த நேரம். மேட்ரனையும் என்னையும் தவிர ஐந்து பேர். ஏத்தம்பழ பஜ்ஜியும் சாயாவும் வந்திருந்தன. நான் புரொஜக்டரைப் போடவில்லை. நான்கு பக்கம் அச்செடுத்த தாள், அதைக்கூட உடனே கொடுக்கவில்லை.

முதலில் ஆளுக்கு ஒரு வெற்றுத் தாள் கொடுத்தேன். நான்கு கேள்விகளையும் படித்துக் காட்டி, "நூறு நர்ஸில் எத்தனை பேர் இதற்கு ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள், எழுதுங்கள். யாரும் யாரிடமும் காட்ட வேண்டாம்" என்றேன். பெரிய டாக்டர் சிரித்தார், "எங்களுக்குப் பரீட்சையா?" என்று. ஆனாலும் எழுதினார். டூட்டி லிஸ்ட் கேள்விக்கு ஐந்து பேரும் எழுதியது 80, 75, 70, 60, 50. பிறகுதான் அச்சுத் தாளைக் கொடுத்தேன். அதில் 23.

இது நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை, சர்வே வேலை செய்கிறவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வெறும் 23 என்று காட்டினால், அந்த எண்ணோடு சண்டை போடுவார்கள். 70 என்று தன் கையால் எழுதிய தாள் மடியில் இருக்கும்போது, நமக்கு ஏன் இது தெரியாமல் போயிற்று என்ற கேள்விதான் முதலில் வருகிறது. சின்ன டாக்டர் தன் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தாளைப் படிக்கப் பத்து நிமிடம் கொடுத்தேன், யாரும் பேசாமல். பெரிய டாக்டர் ஆறாவது நிமிடத்தில் வாயைத் திறந்தார். "சார், இன்னும் ஒரு பக்கம் இருக்கு" என்றேன். எனக்கே ஆச்சரியம், அவர் திரும்பப் படிக்கப் போய்விட்டார்.

அந்த நான்கு பக்கத்தில் வார்டு வரிசை எதுவும் இல்லை. கேள்விகளை வேறு மாதிரி பிரித்திருந்தேன்: இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று. இன்சார்ஜ் தானே மாற்றக்கூடியவை ஒரு பக்கம், மரியாதையாகப் பேசுவது, வேலையைச் சொல்லிக்கொடுப்பது போன்றவை. எச்.ஆர். மாற்ற வேண்டியவை ஒரு பக்கம். இந்த அறையில் இருப்பவர்கள் மட்டுமே மாற்றக்கூடியவை ஒரு பக்கம். இன்சார்ஜ் பக்கத்தில் எண்கள் அறுபதுக்கு மேல். மற்ற இரண்டு பக்கங்களிலும் முப்பதும் அதற்குக் கீழும். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எச்.ஆர். பக்கத்தை முதல் பக்கமாக வைத்திருந்தேன். அதில் ரிலீவிங் ஆர்டர் விதியை எழுதி, "இந்தத் தாமதத்தில் ஒரு மாதம் எங்களால்" என்று போட்டிருந்தேன். நம் தப்பை நாமே முதலில் மேசையில் வைத்துவிட்டால், மற்றவர்களுக்குக் கவசத்தைக் கழற்றக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

சராசரி எண் எதையும் போடவில்லை, அதற்கும் காரணம் உண்டு. பத்துப் பேரில் எட்டுப் பேர் 3 போட்டு இரண்டு பேர் 4 போட்டால் சராசரி 3.2. நாலு பேர் 5 போட்டு ஆறு பேர் 2 போட்டாலும் 3.2தான். முதல் வார்டில் யாருக்கும் ஒரு பிடிப்பு இல்லை, இரண்டாவது வார்டு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. முதல் வருடம் இரண்டையும் ஒரே மஞ்சளில் அடித்திருந்தேன்.

அப்புறம் ஆட்சேபங்கள் வந்தன, வராமல் இருக்குமா? "பதில் சொல்லாத நாப்பத்தாறு நர்ஸும் சந்தோஷமா இருக்கலாமே?" இருக்கலாம் சார் என்றேன். அந்த 46 பேரும் லிஸ்ட் முன்கூட்டியே தெரிகிறது என்று சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும், 142 பேரில் 68 ஆகும், பாதிகூட வராது என்று கணக்கைக் காட்டினேன். வாதாடவில்லை. அவர் கேட்டதை ஒத்துக்கொண்டு, அதன் எல்லைவரை போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான். முதல் வருடம் இதே கேள்விக்கு "டேட்டா அப்படித்தான் சொல்லுது சார்" என்று விறைப்பாகச் சொன்னது நினைவு வந்தது. அது பதிலே இல்லை.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. நிர்வாக அதிகாரி தாளைத் தட்டியபடி, "இந்த மூணு வார்டு எதுன்னு சொல்லுங்க" என்றார்.

இதற்கான பதிலைக் குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். "சொல்கிறேன் சார், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்பது இடம் காலியாக இருக்கும் வார்டுகள் அவை. அந்த ஒன்பது ஃபைலும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாமா?" நான்கு என் மேசையில், மூன்று நிதியில், இரண்டு கையெழுத்துக்காகச் சின்ன டாக்டரிடம். மேட்ரன் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பெரிய டாக்டர் அந்தச் சிவப்பு மைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இந்தப் பிள்ளைக்கு ஒரு மாசத்துல மூணு ஆஃபா வெட்டியிருக்கு?" என்றார். யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை.

நான் கேட்டது இரண்டே விஷயம். ராஜினாமா கடிதம் வந்த அன்றே புது ஆளுக்கான ஃபைலைத் தொடங்க அனுமதி, இதற்குச் செலவில்லை. எந்த வார்டுக்கும் சேராத ஆறு ரிலீவர் நர்ஸுகள், இதற்குச் செலவு உண்டு. முதலாவது அங்கேயே முடிந்தது. இரண்டாவதற்கு அரை மணி நேரம் இழுபறி. நாலு பேர் கிடைத்தார்கள். சம்பளத்தைப் பற்றிய கேள்விக்கும் எண் மோசமாகத்தான் இருந்தது. அதை அன்று எடுத்திருந்தால் எதுவும் நடந்திருக்காது என்பது என் கணிப்பு. தாளில் இருந்தது, அதைப் பற்றி முடிவு மட்டும் கேட்கவில்லை.

இன்சார்ஜ்களை மொத்தமாகக் காப்பாற்றிவிட்டேன் என்று இதைப் படிக்கக் கூடாது. வேறொரு வார்டில் ஆள் குறைவே இல்லை, ஆனால் மரியாதைக் கேள்வியில் 11 பேரில் இரண்டே பேர்தான் 4 போட்டிருந்தார்கள். அதற்குக் காலி இடம் காரணமாக முடியாது. அதை நான் கூட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. மேட்ரனும் மருத்துவக் கண்காணிப்பாளரும் நானும் தனியாக உட்கார்ந்து பேசினோம். மேட்ரன் அந்த இன்சார்ஜோடு இரண்டு மாதம் வாரம் ஒருமுறை உட்கார்ந்தார். பதினோரு பேர் என்பது சிறிய கூட்டம், ஒருவர் மனம் மாறினால் ஒன்பது சதவீதம் மாறும். எட்டுப் பேருக்குக் குறைவாகப் பதில் வந்த பிரிவுகளின் எண்ணை நான் தனியாக எடுக்கவே இல்லை, பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட்டேன். வயது, அனுபவம் என்ற இரண்டு கேள்விகளையும் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டேன். டயாலிசிஸ் பிரிவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் நர்ஸ் ஒருவர்தான் இருக்கிறார். அவர் என்ன டிக் செய்தார் என்று தெரிய வேறு எதுவும் வேண்டாம்.

இன்னொரு கருத்து வந்தது, இரட்டை அர்த்தப் பேச்சு பற்றி. இடம், ஆள் எதுவும் குறிப்பிடவில்லை. அது சர்வே முடிவில் வைக்கிற சங்கதியே அல்ல. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், எங்களிடமும் உண்டு. யார் எழுதியது என்று தேடாமல், குழு உறுப்பினர்களின் பெயரையும் போன் எண்ணையும் எல்லா வார்டிலும், நர்ஸ்கள் உடை மாற்றும் அறையிலும் ஒட்டினோம். மற்ற கருத்துகளை நான் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதினேன். "குடும்பத் தேவைகளுக்கு முன்கூட்டிக் கேட்ட ஆஃபும் ரத்தாகிறது, பலர் எழுதியிருக்கிறார்கள்" என்ற மாதிரி. சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்க அறிவிப்பு ஒட்டினோம். நீங்கள் சொன்னது இது, செய்யப் போவது இது, இப்போதைக்குச் செய்ய முடியாதது இது. சம்பளம் மூன்றாவதில் இருந்தது. அதற்குத் திட்டும் விழுந்தது.

அடுத்த வருடம் டூட்டி லிஸ்ட் கேள்வி 23லிருந்து 48க்கு வந்தது. "மேலே சொன்னால் ஏதாவது நடக்கும்" 20லிருந்து 26தான். ரிலீவர் நாலு பேரில் ஒருவர் இதற்குள் குவைத் போய்விட்டார், அந்த ஃபைல் ராஜினாமா அன்றே தொடங்கியது.

கதவோரம் மருந்து டிரேயோடு நின்ற சிஸ்டர் இப்போதும் அதே வார்டில்தான் இருக்கிறார். அறிவிப்பு ஒட்டிய அன்று அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது விடுங்க மேடம்" என்றார். போன மாதம் சர்வே படிவம் கொடுக்கப் போனபோது வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நான் நெறைக்க மாட்டேன் மேடம், பிள்ளைங்கள நெறைக்கச் சொல்லுதேன்" என்றார். சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.